கால் ஆப்ஷனில் எத்தனை லாட் வாங்கலாம்: ஸ்டாப் லாஸ் கணக்கா, முழு பிரீமியம் கணக்கா?

நிஃப்டி மாதாந்திர கால் ஆப்ஷன் வாங்கும்போது எத்தனை லாட் என்று முடிவு செய்ய இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பிரீமியம் 30 சதவீதம் இறங்கினால் விற்றுவிடுவேன், அதனால் என் ரிஸ்க் அந்த 30 சதவீதம் மட்டுமே என்று வைத்து லாட் எண்ணிக்கையைப் போடுவது ஒரு வழி. கட்டிய பிரீமியம் முழுவதும் போய்விடும் என்றே வைத்துக்கொண்டு, அந்த முழுத் தொகை என் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. நான் இரண்டையும் பின்பற்றிப் பார்த்துவிட்டு இரண்டாவதற்கு வந்தேன், அதிலேயே இருக்கிறேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். வாங்குபவருக்கு நஷ்டம் பிரீமியத்தோடு நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பேச வருவது அந்தத் தொகையில் எவ்வளவு பங்கை ரிஸ்க் என்று எழுதிக்கொள்வது என்பதைப் பற்றி.

ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம். முதலீடு 15 லட்சம் ரூபாய். ஒரு வர்த்தகத்தில் அதிகபட்சம் 2 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் போகலாம் என்று வரம்பு. 2025 ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,904இல் முடிந்தது. அன்று 22,900 ஸ்ட்ரைக் கொண்ட ஏப்ரல் 24 எக்ஸ்பைரி கால் ஆப்ஷனை ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தியா விக்ஸ் அன்று 14க்குச் சற்றுக் கீழே இருந்தது. அந்த வொலாட்டிலிட்டியை வைத்து ஆப்ஷன் விலைக் கணக்குப் போட்டால் பிரீமியம் சுமார் 340 ரூபாய் வருகிறது. (திரையில் அன்று ஓடிய விலை இதிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும், நம் பேச்சுக்கு அது போதும்.) அப்போது நிஃப்டி லாட் 75. ஆக ஒரு லாட்டுக்கு 25,500 ரூபாய்.

ஸ்டாப் லாஸ் கணக்குக்காரருக்கு ஒரு லாட்டின் ரிஸ்க் 7,650 ரூபாய்தான். அவர் தயங்காமல் 3 லாட் வாங்குவார், வரம்பில் இன்னும் இடமும் மிச்சம் இருக்கும். முழு பிரீமியம் கணக்குக்காரருக்கு 1 லாட்டோடு கதை முடிந்தது.

திங்கட்கிழமை, ஏப்ரல் 7. அமெரிக்க வரி அறிவிப்பால் உலகச் சந்தைகள் சரிந்திருந்தன. நிஃப்டி 21,758இல் திறந்தது, முந்தைய முடிவிலிருந்து ஏறத்தாழ 1,150 புள்ளி கீழே. விக்ஸ் அன்று 22ஐத் தாண்டி முடிந்தது. அந்த உயர்ந்த வொலாட்டிலிட்டியைக் கணக்கில் சேர்த்தாலும், திறந்த நேரத்தில் நம் 340 ரூபாய் கால் ஆப்ஷன் 90 ரூபாய் அளவில்தான் நிற்கும். 30 சதவீத ஸ்டாப் லாஸ் என்றால் 238 ரூபாயில் விற்றிருக்க வேண்டும். அந்த விலை சந்தையில் வரவே இல்லை. 340க்கு அடுத்து 90தான்.

3 லாட் வைத்திருந்தவரின் நஷ்டம் 56,250 ரூபாய். அவர் தாளில் எழுதி வைத்திருந்தது 22,950. 1 லாட் வைத்திருந்தவரின் நஷ்டம் 18,750, அவர் எழுதி வைத்திருந்த 25,500க்குள்ளேயே. இரண்டு வழிகளுக்கும் நடுவே எனக்குத் தீர்மானமாக நிற்கும் வித்தியாசம் இதுதான். ஒன்றில் எழுதிய எண்ணை மீறி நஷ்டம் வரலாம், மற்றதில் வர வழியே இல்லை.

என்.எஸ்.இ.யில் இதற்கு இன்னொரு கோணமும் உண்டு. 2021 செப்டம்பர் முதல் ஆப்ஷன்களுக்கு மார்க்கெட் விலை ஸ்டாப் லாஸ் ஆர்டர் கிடையாது. லிமிட் விலையோடுதான் போட முடியும். 238இல் ட்ரிகர், 230இல் லிமிட் என்று போட்டு வைத்தால், விலை 90இல் திறக்கும்போது ட்ரிகர் ஆகும், ஆனால் 230க்கு வாங்க ஆள் இருக்காது. ஆர்டர் அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும். பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பியவர் கையில் விற்காத 3 லாட் இருக்கும். இரவு தாண்டி வைத்திருக்கும் எந்த ஆப்ஷனுக்கும் இது பொருந்தும். காலையில் வாங்கி மாலைக்குள் விற்பவருக்கு ஸ்டாப் லாஸ் கணக்கு ஓரளவு வேலை செய்யும் என்பதை மறுக்க மாட்டேன், அங்கே இவ்வளவு பெரிய இடைவெளி அபூர்வம்.

சரி, முழு பிரீமியம் கணக்கின் விலை என்ன? சந்தை நேராக ஏறினால் மூன்றில் ஒரு பங்கு லாபம்தான். அது உறுத்தும். அதைவிடப் பெரிய தொல்லை சிறிய முதலீட்டில் வருகிறது. 5 லட்சம் வைத்திருப்பவருக்கு 2 சதவீதம் என்றால் 10,000 ரூபாய், 25,500 ரூபாய் லாட் அதற்குள் அடங்காது. அப்போது கை தானாக 23,800 போன்ற தூரத்து ஸ்ட்ரைக்குக்குப் போகும், பிரீமியம் வரம்புக்குள் பொருந்துகிறதே என்று. வரம்பு சரியாக இருந்தும் வர்த்தகம் கெட்டுப்போகும் இடம் இது. ஸ்ட்ரைக்கைச் சந்தைப் பார்வையை வைத்து முதலில் முடிவு செய்ய வேண்டும், அப்புறம்தான் பணத்தை எண்ண வேண்டும். பொருந்தவில்லை என்றால் அந்த மாதம் வாங்குவதில்லை. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஒரு வர்த்தகத்துக்கு 2 சதவீதம் என்பதோடு, கையில் இருக்கும் எல்லா ஆப்ஷன்களுக்கும் சேர்த்து 6 சதவீதம் என்று இன்னொரு வரம்பும் வைத்திருக்கிறேன். நிஃப்டி கால், பேங்க் நிஃப்டி கால், ஒரு பெரிய வங்கிப் பங்கின் கால் என்று மூன்று வைத்திருந்தால் அது மூன்று வர்த்தகம் அல்ல, ஒரே பந்தயம். ஏப்ரல் 7 போன்ற நாளில் மூன்றும் ஒன்றாகவே போகும். இந்த மொத்தத்தை வாங்கிய விலையில் அல்ல, இன்றைய விலையில் எண்ணுகிறேன். 25,500 ரூபாய் போட்டது 60,000 ஆகியிருந்தால், நாளை காலை போகக்கூடியது 60,000. லாபம்தானே என்று அதைக் கணக்கில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி வெளியேறும் விதிகள். எக்ஸ்பைரி வரை காத்திருப்பது ஒரு வழி, நிஃப்டி ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே முடிந்தால் விற்பது இன்னொன்று. நான் சாய்வது மூன்றாவதன் பக்கம், அதாவது நாள்காட்டி. வாங்கிய நாளுக்கும் எக்ஸ்பைரிக்கும் நடுவே பாதி நாள் கடந்ததும், பிரீமியம் வாங்கிய விலைக்குக் கீழே இருந்தால் விற்றுவிடுவது. ஏன் பாதி? நிஃப்டிக்கு அருகில் உள்ள ஸ்ட்ரைக்கின் நேர மதிப்பு மீதி நாட்களின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்ந்து தேய்கிறது. 30 நாள் ஆப்ஷனில் 15 நாள் மிச்சம் இருக்கும்போது நிஃப்டி அசையாமல் இருந்தாலும் 70 சதவீதம் மதிப்பு கையில் இருக்கும். 7 நாள் மிச்சம் என்றால் 48 சதவீதம். 3 நாள் என்றால் 32 சதவீதம். ஆகவே பாதியில் விற்பவரின் நஷ்டம், சந்தை படுத்துக் கிடந்தால், சுமார் 30 சதவீதம்.

ஸ்டாப் லாஸ்காரர் தேடிய அதே 30 சதவீதம்தான் இது என்பதைக் கவனியுங்கள். ஆனால் நடுவே ஒரு நாள் நிஃப்டி 150 புள்ளி இறங்கி மறுநாள் ஏறினால் அவர் வெளியே போயிருப்பார், நாள்காட்டிக்காரர் உள்ளே இருப்பார். லாட் எண்ணிக்கையை முழு பிரீமியத்தை வைத்து முடிவு செய்துவிட்டதால், நடுவில் விலையைப் பார்த்துத் துரத்தப்பட வேண்டிய அவசியம் இல்லை.

நம் எடுத்துக்காட்டையே தொடர்வோம். ஏப்ரல் 4 முதல் 24 வரை 20 நாள். பாதி ஏப்ரல் 14இல் வருகிறது, அன்று சந்தை விடுமுறை. 15ஆம் தேதி நிஃப்டி 23,328இல் முடிந்தது. நம் கால் ஆப்ஷன் 500 ரூபாயைச் சுற்றி நின்றிருக்கும், வாங்கிய விலைக்கு மேலே. விதிப்படி வைத்துக்கொள்ளலாம். 17ஆம் தேதி நிஃப்டி 23,851. அந்த மட்டத்தில் ஆப்ஷனின் உள்மதிப்பு மட்டுமே 951 ரூபாய். 7ஆம் தேதி காலை 90இல் கிடந்தது அது.

இந்த ஒரு மாதத்தை வைத்து எதையும் நிரூபித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய சரிவு அதே எக்ஸ்பைரிக்குள் மீள்வது வழக்கம் அல்ல. மீளாமல் போயிருந்தால் 1 லாட்காரர் 15ஆம் தேதி மிச்சம் மீதியை விற்றுவிட்டு, 25,500க்குள் நஷ்டத்தோடு எழுந்து போயிருப்பார். அதற்குத் தயாராகத்தான் அவர் வாங்கினார்.

லாபத்தில் எப்போது விற்பது என்பதில் என் விதி எளிது. பிரீமியம் இரட்டிப்பானால் கையில் உள்ள லாட்களில் பாதியை விற்பேன். ஒரே லாட் என்றால் அதை விற்று, பார்வை இன்னும் மாறவில்லை என்றால் நிஃப்டிக்கு அருகில் உள்ள மேல் ஸ்ட்ரைக்கை வாங்குவேன், மறுபடி அதே 2 சதவீத வரம்புக்குள். காரணம் இதுதான்: 22,900 கால், நிஃப்டி 23,851இல் இருக்கும்போது ஏறக்குறைய ஃபியூச்சர் போலவே நகரும். நிஃப்டி 100 புள்ளி இறங்கினால் ஆப்ஷனிலும் கிட்டத்தட்ட 100 ரூபாய் போகும். சிறிய நஷ்டம், பெரிய லாபம் என்ற அமைப்புக்காகத்தான் ஆப்ஷன் வாங்கினோம், அந்த நிலையில் அது தேய்ந்துபோயிருக்கும். மேல் ஸ்ட்ரைக்குக்கு மாறினால் லாபத்தின் பெரும்பகுதி வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். இதற்கும் செலவு உண்டு: இரண்டு முறை தரகு, வரி, வாங்கும் விற்கும் விலைக்கு நடுவிலான இடைவெளி. மேலும் இந்த விதியால் கைவிட்ட லாபமும் உண்டு. நிஃப்டி ஏப்ரல் 24 அன்று 24,246இல் முடிந்தது, 22,900 கால் ஆப்ஷனை எக்ஸ்பைரி வரை வைத்திருந்தால் 1,346 ரூபாய் கிடைத்திருக்கும். இரட்டிப்புக்குப் பதில் ஒன்றரை மடங்கில் விற்பது மேலா, மூன்று மடங்கு வரை பொறுப்பது மேலா என்பதில் எனக்கு உறுதியான பதில் இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். பாதி நாள் விதியை நான் 3 முதல் 6 வார ஆப்ஷன்களில்தான் பின்பற்றியிருக்கிறேன். அடுத்த ஆண்டு டிசம்பர் எக்ஸ்பைரி போன்ற நீண்ட ஆப்ஷன்களில் நேரத் தேய்மானத்தைவிட வொலாட்டிலிட்டி மாற்றமே விலையை அதிகம் அசைக்கும். அங்கே என் அனுபவம் போதாது, இந்த விதியை அப்படியே கொண்டுபோகச் சொல்ல மாட்டேன். தனிப் பங்கு ஆப்ஷன்களில் பாதி நாளைத் தாண்டி வைத்திருந்தாலும், எக்ஸ்பைரிக்கு ஒரு வாரம் முன்பே வெளியேறிவிடுகிறேன். 2019 அக்டோபர் முதல் பங்கு ஆப்ஷன்கள் எல்லாம் பங்குகளாகவே தீர்க்கப்படுகின்றன. பங்கின் விலை ஸ்ட்ரைக்குக்கு மேலே இருக்கும் கால் ஆப்ஷனை எக்ஸ்பைரி முடியும் வரை வைத்திருந்தால் லாட் முழுவதற்கும் பங்கை விலை கொடுத்து வாங்க வேண்டும், பல லட்சம் ரூபாய். கடைசி 4 நாட்களில் அதற்கான மார்ஜின் படிப்படியாக ஏறத் தொடங்கும். 25,000 ரூபாய்தான் ரிஸ்க் என்று கணக்குப் போட்டு வாங்கியவரிடம் அந்த நாட்களில் தரகு நிறுவனம் அதைவிடப் பல மடங்கு பணம் கேட்கும். பிரீமியத்தை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு நிஃப்டி ஆப்ஷனில் எக்ஸ்பைரி வரை செல்லும், பங்கு ஆப்ஷனில் அதற்கு முந்தைய வாரம் வரைதான்.