லாரி வாடகைக்கு வரி: நாமே கட்டுவதா, டிரான்ஸ்போர்ட்காரர் பில்லில் போடுவதா?

ராணிப்பேட்டை சிப்காட்டில் இருந்து சென்னைத் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்ப மூன்று லாரி ஆபீஸ்களில் விலை கேட்டால் மூன்று விதமான பில் வரும். முதல் பில்லில் வரியே இருக்காது, 'ஜி.எஸ்.டி.யை வாடகை கொடுப்பவரே கட்ட வேண்டும்' என்று கீழே ஒரு சீல் மட்டும் குத்தியிருப்பார்கள். இரண்டாவதில் 5 சதவீதம் வரி. மூன்றாவதில் 18 சதவீதம். மூன்றுமே சட்டப்படி சரிதான். எதை எடுப்பது என்பது வாங்கும் நிறுவனம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது.

பொதுவாக விற்பவர் வரியை வாங்கி அரசுக்குக் கட்டுவார். இதை ஃபார்வர்டு சார்ஜ் என்கிறோம். சில சேவைகளுக்கு மட்டும், விற்பவரை விட்டுவிட்டு வாங்குபவரே நேராக அரசுக்குக் கட்ட வேண்டும். அதுதான் ரிவர்ஸ் சார்ஜ். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 9(3) பிரிவின் கீழ் 2017 ஜூன் 28-இல் வந்த 13/2017 அறிவிக்கையில் அந்தப் பட்டியல் இருக்கிறது. வக்கீல் ஃபீஸ், கம்பெனி அல்லாதவர் அனுப்பும் செக்யூரிட்டி ஆட்கள், 2024 அக்டோபர் 10 முதல் ஜி.எஸ்.டி. பதிவில்லாத உரிமையாளருக்குக் கொடுக்கும் கடை வாடகை என்று பட்டியல் போகிறது. இவற்றில் பெரும்பாலும் நமக்குத் தேர்வு கிடையாது. சட்டம் சொன்னபடி கட்ட வேண்டியதுதான். லாரி வாடகை வேறு மாதிரி. எந்த முறை என்று டிரான்ஸ்போர்ட்காரர் தேர்ந்தெடுக்கலாம், எந்த டிரான்ஸ்போர்ட்காரர் என்று நாம் தேர்ந்தெடுக்கலாம். அதனால்தான் இதை ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

2025 செப்டம்பர் 22-க்குப் பிறகான நிலவரம் இது. டிரான்ஸ்போர்ட்காரர் எந்தத் தேர்வும் செய்யாவிட்டால், பதிவு பெற்ற நிறுவனமான நாம் ரிவர்ஸ் சார்ஜில் 5 சதவீதம் கட்டுகிறோம். அவரே வரி போடுவதாக அறிவித்திருந்தால் 5 அல்லது 18, இரண்டில் ஒன்றைப் போடுவார். 5 போட்டால் லாரி, டயர், இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கு அவர் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. 18 போட்டால் முடியும். இப்படிக் கழித்துக்கொள்வதைத்தான் இன்புட் கிரெடிட் என்கிறோம். இந்த 18 முன்பு 12 ஆக இருந்தது.

இங்கே பலரும் தடுக்கி விழும் ஒரு விஷயம். 'இன்புட் கிரெடிட் இல்லாத 5 சதவீதம்' என்று கேட்டதும் நமக்கும் கிரெடிட் கிடைக்காது என்று நினைத்து, அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அந்தத் தடை டிரான்ஸ்போர்ட்காரருக்குத்தான். வரி செலுத்தும் பொருளைத் தயாரித்து விற்கும் நிறுவனம் அந்த 5 சதவீதத்தை முழுசாக எடுத்துக்கொள்ளலாம், பில்லில் வந்ததானாலும் சரி, ரிவர்ஸ் சார்ஜில் கட்டியதானாலும் சரி.

இனி ஒரு கணக்கு. ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைத்து உள்நாட்டிலேயே விற்கும் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மாத லாரி வாடகை ரூ.2,00,000. அந்த மாத விற்பனை வரி ரூ.60,000. மற்ற கொள்முதல்களில் இருந்து வரும் கிரெடிட் ரூ.20,000.

ரிவர்ஸ் சார்ஜ் என்றால் வாடகை வரி ரூ.10,000. இதைக் கிரெடிட் லெட்ஜரில் இருந்து கழிக்க முடியாது. பணமாகத்தான் கட்ட வேண்டும். கட்டிய ரூ.10,000 அதே மாதக் கணக்குப் படிவமான GSTR-3B-யிலேயே கிரெடிட்டாக வந்துவிடும். ஆக மொத்த கிரெடிட் 30,000. விற்பனை வரியில் மீதி 30,000. இரண்டும் சேர்த்து அரசுக்கு ரூ.40,000 போகிறது. டிரான்ஸ்போர்ட்காரர் 5 சதவீதம் போட்டிருந்தால் அவரிடம் 10,000, அரசுக்கு 30,000. மொத்தம் அதே 40,000. 18 சதவீதமானால் அவரிடம் 36,000, கிரெடிட் 56,000, அரசுக்கு 4,000. அப்போதும் 40,000.

'ரிவர்ஸ் சார்ஜில் கையில் இருந்து பணம் போகிறது' என்று நம் பக்கத்தில் ஓயாமல் புலம்புவார்கள். ஃபார்வர்டு சார்ஜில் மட்டும் வரியை என்ன காற்றிலா கொடுக்கிறோம்? அதே பணம் லாரி ஆபீஸ் வழியாகப் போகிறது, அவ்வளவுதான். உண்மையான வித்தியாசம் பணம் எப்போது போகிறது, கிரெடிட் எப்போது வருகிறது என்பதில் இருக்கிறது.

பில் ஜூலை 10-ஆம் தேதி. லாரி ஆபீஸ் கடன் கொடுத்து, நாம் செப்டம்பர் 5-இல் வாடகையைச் செலுத்துகிறோம். 18 சதவீத பில்லானால், அவர் நேரத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால், ஆகஸ்ட் 14 வாக்கில் நமக்குக் கிடைக்கும் கிரெடிட்டைக் காட்டும் GSTR-2B அறிக்கையில் அந்த வரி தெரியும். ஆகஸ்ட் 20-க்குள் தாக்கல் செய்யும் ஜூலை மாத 3B-யில் ரூ.36,000-ஐப் பயன்படுத்திக்கொள்ளலாம். அவருக்கு நாம் இன்னும் பணமே கொடுக்கவில்லை! ரிவர்ஸ் சார்ஜில் அந்த லாபம் கிடையாது, நஷ்டமும் கிடையாது. கட்டுவதும் எடுப்பதும் ஒரே படிவத்தில். ஆனால் வாடகையை உடனுக்குடன் கொடுக்கும் யூனிட்டுக்குக் கதை தலைகீழ்: ஜூலை 10-இல் 36,000-ஐச் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஆகஸ்ட் 20 வரை காத்திருக்க வேண்டும். லாரி ஆபீஸ்காரர் தன் கணக்கைத் தாக்கல் செய்யாமல் இழுத்தடித்தால் அந்த 36,000 நம் 2B-யில் வராமல் தொங்கிக்கொண்டே இருக்கும். ரிவர்ஸ் சார்ஜின் பெரிய பலம் இதுதான்: நம் கிரெடிட் இன்னொருவரின் ஒழுங்கை நம்பி இல்லை.

விலையையும் பார்க்க வேண்டும். 18 போடும் டிரான்ஸ்போர்ட்காரருக்குத் தன் செலவில் கொஞ்சம் மிச்சமாகும். அதில் ஒரு பங்கை வாடகையில் குறைத்து ரூ.1,95,000 என்று அவர் சொன்னால், முழு கிரெடிட் எடுக்கக்கூடிய நம் ஷூ யூனிட்டுக்கு மாதம் 5,000 லாபம். இந்த மாதிரி யூனிட்டுக்கு, ஒழுங்காகத் தாக்கல் செய்யும் பெரிய லாரி ஆபீஸ் கிடைத்தால், 18 சதவீதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

வேலூர் லாங் பஜாரில் சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் ஒரு கடைக்காரருக்கு இதே யோசனையைச் சொன்னால் அவர் கெட்டார். காம்போசிஷன்காரர் கிரெடிட் எடுக்கவே முடியாது. அதற்காக ரிவர்ஸ் சார்ஜில் இருந்து விலக்கும் இல்லை. தன் விற்பனைக்கு 1 சதவீதம்தான் என்றாலும் லாரி வாடகைக்கு முழு 5 சதவீதத்தைக் காலாண்டுப் படிவமான CMP-08-இல் காட்டிக் கட்ட வேண்டும். அவருக்கு 2,00,000 வாடகையின் உண்மைச் செலவு 2,10,000. 18 போடுபவர் அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் வாடகையை 1,77,966 ரூபாய்க்கு இறக்க வேண்டும். லாரி ஓட்டும் செலவில் பெரிய பங்கு டீசல், அது ஜி.எஸ்.டி.க்குள்ளேயே இல்லை, அதற்குக் கிரெடிட்டும் இல்லை. அவ்வளவு இறங்கி யாரும் வர மாட்டார்கள். அவருக்கு 5 தான்.

மூன்றாவது ரகம் தோல் பதனிடும் யூனிட்டுகள். வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துக்கே உரிய சிக்கல் இது. முடித்த தோலுக்கு 2025 செப்டம்பர் முதல் 5 சதவீதம். உள்ளே வரும் ரசாயனங்களில் பலவற்றுக்கு 18. விற்பனை வரியை விடக் கொள்முதல் வரி அதிகமாகிக் கிரெடிட் தேங்கும். அப்படித் தேங்கியதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் பொருள் வாங்கிய வரிக்கு மட்டும்தான். சேவைக்குக் கொடுத்த வரி அந்த ரீஃபண்டில் சேராது. ஒரு செருப்புக் கம்பெனி தொடர்புடைய வி.கே.சி. ஃபுட்ஸ்டெப்ஸ் வழக்கில், 2021 செப்டம்பரில், உச்ச நீதிமன்றம் இந்தக் கட்டுப்பாடு செல்லும் என்று சொல்லிவிட்டது. லாரி வாடகை ஒரு சேவை. எனவே உள்நாட்டில் விற்கும், கிரெடிட் தேங்கிய பதனிடும் யூனிட் 18 சதவீத பில் வாங்கினால் மாதம் 36,000 லெட்ஜரில் போய் உட்கார்ந்துகொள்ளும். ரிவர்ஸ் சார்ஜில் 10,000 மட்டும். எல்.யு.டி. என்ற உறுதிப் பத்திரம் கொடுத்து வரியில்லாமல் ஏற்றுமதி செய்பவருக்கு இந்தக் கவலை குறைவு. அந்த ரீஃபண்டில் சேவை வரியும் சேரும்.

ரிவர்ஸ் சார்ஜ்தான் என்று முடிவு செய்தால், தவறு நடக்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, யார் கட்டுவது என்பது. வாடகையைக் கொடுக்கும் கடமை யாருக்கோ, அவருக்குத்தான் வரியும். பில் 'டூ பே' ஆக இருந்தால் சரக்கு வாங்கும் பார்ட்டி. 'பெய்ட்' ஆக இருந்தால் அனுப்பும் நாம். ஆம்பூரில் இருந்து வாணியம்பாடிக்கு லோடு ஆட்டோ பேசி, சரக்கு ரசீதான எல்.ஆர். எதுவும் போடாமல், கையில் காசு கொடுத்து அனுப்பினால் அது டிரான்ஸ்போர்ட் ஏஜென்சி சேவையே இல்லை, வரியும் இல்லை. எல்.ஆர். போட்டால்தான் ஏஜென்சி. 1,500 ரூபாய்க்குள் இருந்தால் வரி இல்லை என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்தச் சலுகை 2022 ஜூலை 18-லேயே போய்விட்டது.

இரண்டு, பதிவில்லாத டிரான்ஸ்போர்ட்காரர். அவர் பெயரில் நாமே ஒரு செல்ஃப் இன்வாய்ஸ் போட வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் சேவை பெற்ற 30 நாளுக்குள் போட வேண்டும் என்று விதி. பதிவுள்ளவர் என்றால் பணம் கொடுத்த தேதியிலோ, பில் தேதியில் இருந்து 60 நாள் முடிந்த மறுநாளோ, எது முந்துகிறதோ அன்று வரிக் கடமை வரும். பதிவில்லாதவர் என்றால் அந்த 60 நாள் அவகாசம் கிடையாது. பணம் கொடுத்த தேதி, செல்ஃப் இன்வாய்ஸ் தேதி, இரண்டில் முந்தியது.

மூன்று, இரட்டை வரி. லாரி ஆபீஸ் ஃபார்வர்டு சார்ஜுக்கு மாறியது தெரியாமல் நம் அக்கவுண்டன்ட் பழைய பழக்கத்தில் ரிவர்ஸ் சார்ஜும் கட்டிக்கொண்டே இருப்பார். மாறியவர் தன் பில்லில் இந்த நிதியாண்டுக்கு ஃபார்வர்டு சார்ஜ் தேர்வு செய்திருப்பதாக உறுதிமொழி அச்சிட்டிருக்க வேண்டும். அந்த வாசகம் இருக்கிறதா என்று முதல் பில்லிலேயே பாருங்கள். வரி போட்டும் உறுதிமொழி இல்லாவிட்டால் போன் செய்து கேளுங்கள். நம் பக்கம் சரிபார்க்க, 3B-யில் 3.1(d)-இல் காட்டிய வரியும் 4(A)(3)-இல் எடுத்த கிரெடிட்டும் மாதாமாதம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். எடுத்தது கட்டியதை விட அதிகம் என்றால் நோட்டீஸ் வரும். கட்ட மறந்த மாதங்களுக்கு 18 சதவீத வட்டி உண்டு. வரி கிரெடிட்டாகத் திரும்பி வரும், வட்டி வராது.

அடுத்த நிதியாண்டுக்கான தேர்வை டிரான்ஸ்போர்ட்காரர்கள் ஜனவரி 1 முதல் மார்ச் 31-க்குள் போர்ட்டலில் அறிவிக்க வேண்டும். ஒருமுறை ஃபார்வர்டு சார்ஜ் என்று அறிவித்தால் விலகும் வரை அது தொடரும். ஆகவே வருட வாடகை ஒப்பந்தம் பேசுபவர்கள் பிப்ரவரியிலேயே லாரி ஆபீஸில், "அடுத்த வருஷம் நீங்க எந்த முறை சார், எத்தனை பர்சென்ட்?" என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுத்தாகவே வாங்கிக்கொள்வது நல்லது.