கருப்பு முடிக்கு எந்தப் புருவ பென்சில்? எட்டு வருட அனுபவம்

என் தலைமுடி நல்ல கருப்பு. அதனால் முதல் புருவ பென்சிலும் கருப்பாகவே வாங்கினேன். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு விசேஷத்துக்குத் தீட்டிக்கொண்டு போனபோது அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "என்னடி, யார் மேல இவ்வளவு கோபம்?" என்று கேட்டாள். அன்று எடுத்த படங்களில் முதலில் தெரிவது புருவம்தான், நான் அதற்கு அப்புறம்தான்.

அது ஏன் அப்படித் தெரிந்தது என்று புரிய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தலைமுடி அடர்த்தியாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதால் கருப்பாகத் தெரிகிறது. புருவத்தில் முடிகளுக்கு நடுவே தோல் தெரியும். முடியின் கருப்பும் தோலின் நிறமும் சேர்ந்துதான் கண்ணுக்கு "புருவத்தின் நிறம்" என்று படுகிறது. கருப்பு முடிக்காரர்களுக்கு அது பெரும்பாலும் தலைமுடியைவிடக் கொஞ்சம் வெளிறியது. கருப்பு பென்சிலால் அந்த இடைவெளிகளை அடைத்தால் தோல் மறைந்துவிடும். பிறகு மிஞ்சுவது ஸ்டிக்கர் ஒட்டியது போன்ற ஒரு பட்டை. சந்தேகம் இருந்தால், தானாக உதிர்ந்த ஒரு புருவ முடியை வெள்ளைத் தாளில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். என்னுடையது கருப்பே இல்லை, அடர்ந்த பழுப்பு.

ஆகவே முடியைவிட ஒன்று இரண்டு படி வெளிறிய ஷேட் வேண்டும். வெளிர் முடிக்காரர்களுக்கு இது தலைகீழ், அவர்கள் முடியைவிட ஒரு படி அடர்த்தியாக எடுப்பார்கள்.

இதைத் தெரிந்துகொண்டும் இரண்டாவது பென்சிலில் சறுக்கினேன். 'மீடியம் பிரவுன்' என்று எழுதியிருந்தது. போட்டவுடன் அழகாகத்தான் இருந்தது. மதியம் கண்ணாடியில் பார்த்தால் புருவம் செங்கல் நிறத்தில் இருந்தது! பழுப்பு ஷேட்கள் பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள், கருப்பு இரும்பு ஆக்சைடுகளைக் கலந்து செய்யப்படுபவை. சிவப்பு கூடினால் அது சூடான பழுப்பு. கருப்பு முடியில் சிவப்புச் சாயலே இல்லாத என் போன்றவர்களுக்கு அது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அப்போது எனக்கு வேண்டியிருந்தது 'ஆஷ் பிரவுன்' எனப்படும் சாம்பல் சாயல் கொண்ட பழுப்பு. அதிலும் ஒரு பொறி உண்டு. மிக வெளிறிய சாம்பல் ஷேட், அதாவது 'டோப்' என்று விற்பது, என் மாநிறத் தோலில் திருநீறு உதிர்ந்தது போல இருந்தது. அடர் சாம்பல் பழுப்புதான் கடைசியில் ஒத்துவந்தது.

பெட்டியில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 'டார்க் பிரவுன்' இன்னொன்றின் 'சாஃப்ட் பிளாக்'கைவிடக் கருப்பாக இருக்கும். நான் செய்வது இதுதான்: வெள்ளைத் தாளில் ஒரு கோடு போட்டு, அதை விரலால் நன்றாகத் தேய்த்து இழுப்பேன். அடர்த்தியாக இருக்கும்போது எல்லாப் பழுப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மெலிந்த இடத்தில்தான் உள்ளே இருக்கும் சிவப்போ சாம்பலோ வெளியே வரும். மணிக்கட்டில் தேய்த்துப் பார்ப்பது எனக்கு உதவியதில்லை. அங்கே தோலின் நிறமே வேறு, முடியும் இல்லை.

அப்புறம் முகத்தில் சோதனை. மூன்றாவது முறை வாங்கும்போது இரண்டு ஷேட்களை ஒரே நாளில் போட்டேன். இடது புருவத்தின் வால் பாதியில் 'சாஃப்ட் பிளாக்', வலதில் 'டார்க் ஆஷ் பிரவுன்'. ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து, பத்து நிமிடம் கழித்து, கண்ணாடியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். கிட்டத்தில் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. தள்ளிப் பார்த்தபோது இடப்பக்கம் போட்டது தெரிந்தது, வலப்பக்கம் போட்டதே தெரியவில்லை. நான்கு மணி நேரம் கழித்தும் பார்த்தேன். இரண்டுமே கொஞ்சம் அடர்ந்திருந்தன, ஆனால் வலது சிவக்கவில்லை. அந்த ஷேட்டைத்தான் ஐந்து வருடமாக வைத்திருக்கிறேன். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் சோதிக்க வேண்டாம், அதில் சிவப்புச் சாயல் ஒளிந்துகொள்ளும்.

இனி பவுடரா பென்சிலா என்ற கேள்வி. எனக்கு இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே ஷேட்டில் அல்ல. பென்சிலில் மெழுகும் எண்ணெயும் இருப்பதால் நிறம் அழுத்தமாகப் படியும். பவுடர் மெல்லிய படலமாக விழும், தோல் கொஞ்சம் தெரியும். ஆகவே ஒரே பெயருள்ள ஷேட்டில் பென்சில் எனக்கு ஒரு படி கருப்பாகவே தெரிகிறது. பவுடர் அடர் சாம்பல் பழுப்பு, பென்சில் அதைவிட ஒரு படி வெளிறியது என்று வைத்துக்கொண்டபோதுதான் இரண்டும் இணைந்தன. பவுடரின் குறை, முடியே இல்லாத இடத்தில் நிற்காது. என் இடது புருவ வாலில் சிறுவயதில் விழுந்த தழும்பு ஒன்று உண்டு. அங்கே பவுடர் இரண்டு மணி நேரத்தில் காணாமல் போகும். அந்த இடத்துக்கு மட்டும் கூராகச் சீவிய பென்சிலால் முடி வளரும் திசையில் சின்னச் சின்னக் கோடுகள்.

ஷேட் சரியாக இருந்தும் முரட்டுத்தனமாகத் தெரிந்தால் நான் முதலில் பார்ப்பது மூக்குப் பக்க முனையைத்தான். இயல்பாக அங்கே முடி கலைந்து, மெலிந்து இருக்கும். அங்கே நேர்க்கோடாக நிறம் தொடங்கினால் எந்த ஷேட்டும் உதவாது. நான் வளைவிலிருந்து ஆரம்பித்து வால் வரை போய், பிரஷ்ஷில் மிச்சம் இருப்பதை மட்டும் முனையில் தடவுகிறேன். பிறகு புருவ பிரஷ்ஷால் மேல்நோக்கி நாலு தடவை சீவல். கிரீம் போட்ட உடனே தீட்டுவதும் கூடாது. ஈரத்தோடு பட்ட பவுடர் திட்டுத்திட்டாகக் கருக்கும். எண்ணெய் வழிந்தால் டிஷ்யூவை ஒற்றி எடுப்பேன், தேய்ப்பதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் தலைமுடிக்குச் சாக்லேட் பழுப்பு சாயம் போட்டேன். சரி, புருவத்தையும் மாற்றுவோம் என்று சூடான பழுப்புக்குத் தாவினேன். புருவ முடி என்னவோ பழைய நிறத்திலேயே இருந்ததால் இரண்டும் சேரவில்லை. பழைய சாம்பல் பவுடரின் மேல் சூடான பழுப்பை ஒரே ஒரு ஒற்று சேர்த்தபோது சரியானது. சாயம் வளர்ந்து வெளியேறியதும் அதையும் விட்டுவிட்டேன்.

இப்போது வலது புருவத்தில் மூன்று நரைமுடிகள். கம்பி மாதிரி இருக்கின்றன, பவுடர் ஒட்ட மறுக்கிறது. அவற்றுக்கு மட்டும் நிறமுள்ள புருவ ஜெல் ஒரு இழுப்பு. இந்த நேரம் பார்த்து என் பென்சில் ஷேட்டைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். கையில் இருப்பது கட்டைவிரல் நீளம். அதில் ஒரு கோட்டைத் தாளில் இழுத்துத் தேய்த்து கைப்பையில் வைத்திருக்கிறேன், அடுத்ததை அதன் பக்கத்தில் தேய்த்துப் பார்க்க.