மார்க்கர் வேலைக்கு மிச்சத்தை வைத்து விலை: ஆறு வருட அனுபவம்

திருப்பூரில் பின்னலாடை கம்பெனிகளுக்கு வெளியிலிருந்து மார்க்கர் போட்டுத் தருவது என் தொழில். ஒரு டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை என்று எல்லாத் துண்டுகளையும் துணியின் அகலத்துக்குள் எப்படி அடுக்கினால் குறைவாக வீணாகும் என்று கணினியில் வரைந்து கொடுப்பதைத்தான் மார்க்கர் என்போம். ஆரம்பத்தில் ஒரு மார்க்கருக்கு இவ்வளவு என்று வாங்கினேன். அப்புறம் கொஞ்ச நாள் மணிக்கணக்கு. 2019 கடைசியிலிருந்து, கம்பெனிக்கு என் வேலையால் மிச்சமாகும் பணத்தை வைத்து விலை சொல்லி வருகிறேன். அந்த முறையில் எது நின்றது, எது சரிந்தது என்று எழுதுகிறேன். மார்க்கர் தெரியாதவர்களுக்கும் புரியும் என்று நம்புகிறேன்.

மணிக்கணக்கை விட்டதற்குக் காரணம் எளிது. முதல் வருஷம் ஒரு ஸ்டைலுக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன். மூன்றாம் வருஷம் அதே வேலையை மூன்று மணி நேரத்தில் முன்னைவிட நன்றாக முடித்தேன். கை தேறத் தேற வருமானம் குறைந்தது. ஆனால் கம்பெனிக்கு நான் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன் என்பது ஒரு பொருட்டே இல்லை. பின்னலாடையில் செலவின் பெரும்பகுதி துணிதான். அதில் எத்தனை கிலோ குறைகிறது என்பதே அவர்கள் கணக்கு.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்கிறேன். 60,000 டி-ஷர்ட். கம்பெனி விலை போடும் கணக்குத் தாளான காஸ்டிங் ஷீட்டில் ஒரு பீஸுக்கு 180 கிராம் துணி. அதாவது மொத்தம் 10,800 கிலோ. சாயம் போட்டு முடிந்த துணி அப்போது அவர்களுக்குக் கிலோ 420 ரூபாய் அடக்கமானது. அவர்களுடைய பழைய மார்க்கரில் துணியின் 80 சதவீதம் உடையாக மாறியது, 20 சதவீதம் வெட்டுக் கழிவு. நான் வேறு அகலத்தில், சின்ன சைஸையும் பெரிய சைஸையும் கலந்து அடுக்கிப் பார்த்தபோது 83 வந்தது. மூன்று புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் ஒரு பீஸின் துணி 180-லிருந்து 173.5 கிராமாக இறங்குகிறது. 60,000 பீஸுக்கு 390 கிலோ. பணமாக 1,63,800 ரூபாய்.

இதை அப்படியே முதலாளியிடம் சொன்னால் அவர் சிரிப்பார். அந்த 390 கிலோ வெட்டுக் கழிவாகப் போயிருந்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த வருஷம் அவர் கழிவைக் கிலோ 40 ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் வரவேண்டிய 15,600 ரூபாயைக் கழித்தால் நிகர மிச்சம் 1,48,200. நானே இதைக் கழித்துக் காட்டிய பிறகுதான் அவர் பேனாவைக் கையில் எடுத்தார். நான் கேட்டது 22,000. நிகர மிச்சத்தில் ஏறக்குறைய 15 சதவீதம். மணிக்கணக்கில் போயிருந்தால் 6,000 ரூபாய்க்கு மேல் வந்திருக்காது.

ஆனால் இந்தக் கணக்கு சரியாக வருவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அது தெரியாமல் முதல் வருஷம் இரண்டு கம்பெனிகளில் வீணாக வாக்குவாதம் செய்திருக்கிறேன். மூன்றாவது இடத்தில்தான் ஒரு பெரியவர் புரியவைத்தார். நான் மிச்சக் கணக்கை விரித்துக் காட்டியதும் அவர் கேட்டார்:

"தம்பி, துணி குடோன்ல வந்து இறங்கிருச்சுங்களே. நீங்க 400 கிலோ மிச்சம் பண்ணிக் குடுத்தா நான் அந்த 400 கிலோவ என்ன பண்றது?"

"அடுத்த ஆர்டருக்கு ஆகுமுங்களே அண்ணா."

"இந்தக் கலர் அந்த பையருக்கு மட்டுந்தான் சாயம் போட்டது. இதே கலர் திரும்ப வருமான்னு யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னது முழுக்க உண்மை. நூல் வாங்கி, நிட்டிங் முடிந்து, சாயம் போட்ட பிறகு மிச்சமாவது பணம் இல்லை, ஸ்டாக். ஒரு பையருக்கென்றே சாயம் போட்ட கலரில் மீதி நின்ற துணியைப் பாதி விலைக்கும் வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். அதே மார்க்கரை நூல் புக் பண்ணும் முன்னால் கொடுத்திருந்தால், அந்த 400 கிலோ துணிக்கான நூலே வாங்கியிருக்க வேண்டாம், நிட்டிங் கூலி வேண்டாம், சாயக் கூலி வேண்டாம். வேலை ஒன்றுதான், மணி நேரமும் ஒன்றுதான். கம்பெனிக்கு அதன் மதிப்பு மட்டும் பத்து நாள் தாமதத்தில் காணாமல் போய்விடுகிறது.

அன்றிலிருந்து யார் போன் செய்தாலும் என் முதல் கேள்வி, "நூல் போட்டாச்சுங்களா?" என்பதுதான். போட்டாச்சு என்றால் பழையபடி மார்க்கருக்கு இவ்வளவு என்றே வாங்குகிறேன், மிச்சக் கணக்கைப் பேசுவதே இல்லை. நூல் போடவில்லை, நிட்டிங் அகலம் முடிவாகவில்லை என்றால் மட்டும் நேரில் போகிறேன். துணியின் அகலத்தை மாற்றத் தோதிருக்கும் வரைதான் என் வேலைக்குப் பெரிய விலை. அகலம் முடிவாகிவிட்டால் துண்டுகளை எப்படிப் புரட்டிப் போட்டாலும் அரைப் புள்ளி, ஒரு புள்ளிதான் ஏறும்.

அடுத்து வருவது ஒரு சிக்கல். எவ்வளவு மிச்சம் வரும் என்று தெரிந்தால்தான் விலை சொல்ல முடியும். அதைத் தெரிந்துகொள்வதற்கு வேலையில் பாதியைச் செய்தாக வேண்டும். முதலில் ஆர்வத்தில் முழு மார்க்கரையும் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு போவேன். கம்பெனியில் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒருவர் அதைப் பத்து நிமிஷம் பார்த்தார். அகலம் எவ்வளவு, எந்த சைஸோடு எந்த சைஸ் என்பதை மனதில் வாங்கிக்கொண்டார். "யோசிச்சு சொல்றோம்" என்றார். அந்த ஆர்டர் அவர்களுடைய சொந்த ஆள் கையில் என்னுடைய அடுக்கோடு ஓடியது.

இப்போது செய்வது வேறு. 2,500 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, ஒரு ஸ்டைலை மட்டும் நான்கைந்து அகலத்தில் போட்டுப் பார்க்கிறேன். அவர்களுக்குக் கொடுப்பது ஒரே தாள். கன்சம்ஷன் என்று நாங்கள் சொல்லும், ஒரு பீஸுக்கு ஆகும் துணியின் பழைய அளவு, புதிய அளவு, கிலோ வித்தியாசம், கழிவு விலை கழித்த நிகர மிச்சம், என் கட்டணம், அவ்வளவுதான். அகலமும் அடுக்கும் அதில் இருக்காது. கட்டணத்தில் பாதி வந்த பிறகு அகலத்தைச் சொல்கிறேன், மீதி வந்ததும் மார்க்கர் ஃபைல். 2,500 ரூபாய் கொடுக்கத் தயங்கும் இடத்தில் 22,000 பேசுவது வீண் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

இனி நான் சறுக்கிய இடம். 2021-22-ல் நூல் விலை ஏறிக்கொண்டே போனது. 2022 மே மாதம் திருப்பூர் கம்பெனிகள் வேலைநிறுத்தம் செய்யும் அளவுக்கு நிலைமை போனது. கிலோவுக்குக் கிலோ மிச்சத்தின் மதிப்பு கூடியது. அந்த நேரத்தில் ஒரு நடுத்தரக் கம்பெனியோடு, கட்டணம் எதுவும் முன்கூட்டிப் பேசாமல், உண்மையில் மிச்சமாவதில் 20 சதவீதம் என்று ஒப்புக்கொண்டேன். கேட்கவே நியாயமாகத் தோன்றியது. ஆர்டர் முடிந்தபோது கட்டிங் ரிப்போர்ட்டில் மிச்சம் கிட்டத்தட்ட பூஜ்யம்.

என்ன நடந்தது என்று தோண்டிப் பார்த்தேன். சாயம் போட்ட துணியை மெஷினில் அழுத்திச் சுருக்கத்தை நிலைப்படுத்தும் காம்பாக்டிங்கில் துணி சொன்ன அகலத்தைவிட ஒரு அங்குலம் குறைவாக வந்திருந்தது. என் மார்க்கர் அதற்குள் அடங்கவில்லை. கட்டிங் மாஸ்டர் வேறு வழியில்லாமல் பழைய மார்க்கரைச் சுருக்கிப் போட்டிருந்தார். அவர் மேல் தப்பில்லை, துணி வந்த அன்றே வெட்டியாக வேண்டிய நெருக்கடி. இன்னொன்று, அவர்கள் காட்டிய பழைய கன்சம்ஷனே ஊதிப் பெருக்கிய எண். பையருக்குக் கொடுக்கும் காஸ்டிங் ஷீட்டில் பாதுகாப்புக்காகச் சில சதவீதம் கூட்டிப் போடுவது வழக்கம். அந்த எண்ணிலிருந்து மிச்சத்தைக் கணக்கிட்டால் நான் ஒன்றுமே செய்யாமல் 20 சதவீதம் கேட்டதாக ஆகிவிடும். அதை அவர்கள் எடுத்துச் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. நான்கு மாதம் இழுத்து, பேசியதில் ஒரு சிறு பகுதியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு விஷயங்களை மாற்றினேன். பழைய கன்சம்ஷன் என்று காஸ்டிங் ஷீட்டை எடுப்பதில்லை. இதேபோன்ற ஸ்டைல் முன்பு வெட்டிய கட்டிங் ரிப்போர்ட்டைக் கேட்கிறேன். எத்தனை கிலோ உள்ளே போனது, எத்தனை பீஸ் வந்தது என்பதை நானே வகுத்துப் பார்க்கிறேன். ஷீட்டில் 180 என்று இருந்து ரிப்போர்ட்டில் 174 வந்தால், அந்தக் கம்பெனியில் எனக்கு வேலை கம்மி என்று அர்த்தம். அதை அவர்களிடமே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, பங்கு கேட்பதில்லை. மிச்சத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு, இருவரும் ஒப்புக்கொண்டு, அதை வைத்து ஒரே தொகையாக விலை பேசி முடிக்கிறேன். காம்பாக்டிங்கில் அகலம் குறைவது, கட்டிங் மேஜையில் விரித்து அடுக்கிய துணியின் இரு முனையிலும் துணி கூடுதலாகப் போவது இவையெல்லாம் என் கையில் இல்லை. அவற்றைப் பொறுத்து என் பணம் ஏறி இறங்கினால் நான் தினமும் அவர்கள் கட்டிங் ரூமில் நிற்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, அகலம் அரை அங்குலம் கூடினால் ஒன்று, குறைந்தால் ஒன்று என்று மாற்று மார்க்கர் இரண்டையும் அதே விலைக்குள் சேர்த்துக் கொடுக்கிறேன். முன்பு துணி மாறி வந்தால் கட்டிங் மாஸ்டர்கள் எனக்கு போன் செய்யவே மாட்டார்கள். இப்போது செய்கிறார்கள்.

15 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. ஆரம்பத்தில் 30 கேட்டேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள், இரண்டு பேருமே திரும்பி வரவில்லை. மிச்சம் மதிப்பீடுதான், கைக்கு வந்த பணமில்லை. அகலம் மாற்றுவதற்கு நிட்டிங்காரரிடம் பேசுவது, டையிங்கில் கவனிப்பது எல்லாம் கம்பெனியின் பாடு. அந்த ரிஸ்க்கை அவர்கள் சுமக்கும்போது மூன்றில் ஒரு பங்கு எனக்கு அதிகம். 10-லிருந்து 15-க்குள் நின்றபோது அதே கம்பெனிகள் அடுத்த ஆர்டருக்கும் கூப்பிட்டன.

சின்ன ஆர்டரில் இந்த முறை நிற்காது. 3,000 பீஸ் ஆர்டரில் நிகர மிச்சம் ஏழாயிரத்தைத் தாண்டுவது அரிது, அதில் 15 சதவீதம் என் பெட்ரோலுக்கே சரியாகிவிடும். அதே ஸ்டைல் திரும்ப வந்தாலும் நிற்காது. மார்க்கர் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது, சைஸ் விகிதத்தை மட்டும் மாற்றித் தருவதற்கு மிச்சக் கணக்கு பேசினால் ஏமாற்று வேலை போலிருக்கும். துணியின் அடக்க விலையைச் சொல்ல மறுக்கும் கம்பெனிகளும் உண்டு. அவர்களுக்கும் மார்க்கர் ரேட்தான்.

இப்போது என் வேலையில் பாதிக்கும் மேல் இன்னும் பழைய ரேட்டில்தான் ஓடுகிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று ஆர்டர்தான் மிச்சக் கணக்கில் வரும். வருமானத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு மூன்றிலிருந்து வருகிறது. போன வாரம் ஒரு கம்பெனியில் 40,000 பீஸ் ஆர்டர், நூல் புக்கிங் வெள்ளிக்கிழமை என்றார்கள். புதன்கிழமை சாயங்காலம் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். வியாழன் காலை பாதித் தொகை வந்தது, அகலத்தைச் சொன்னேன். நூல் 200 கிலோ குறைத்துப் போட்டிருக்கிறார்கள்.