கடை வாட்ஸ்அப்புக்கு ஆறு இலக்கப் பூட்டு: போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும்

"பின் நம்பர் போட்டுட்டா நம்ம கடை வாட்ஸ்அப்பை யாராலயும் தூக்க முடியாதுல்ல?" என்று நண்பர் ஒருவர் கேட்டதால் இதை எழுதுகிறேன். முன்வாசல் வழியாக எளிதில் தூக்க முடியாது, கொல்லைப்புறம் வழியாக இப்போதும் தூக்கலாம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பின் கேட்டலாக், லேபிள் எல்லாம் தெரிந்த விஷயம் என்பதால், Two-step verification என்கிற, நாமே வைக்கும் ஆறு இலக்கப் பின் நம்பர் பூட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஒரு ஜவுளி மொத்தக் கடையை எடுத்துக்கொள்வோம். சாயங்காலக் கூட்டத்தில் கவுண்டர் பையனுக்கு ஒரு அழைப்பு வருகிறது. "ஆர்டர் கன்ஃபார்ம் பண்ண ஒரு ஆறு இலக்க எண் வரும், சொல்லுங்க தம்பி." அவனும் சொல்லிவிடுகிறான். அடுத்த நிமிடம் கடை போனில் வாட்ஸ்அப் வெளியேறி நிற்கும், எண் வேறொரு போனில் பதிவாகியிருப்பதாகத் திரையில் வரும். உடனே பலரும் செய்வது ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குவது. அதை மட்டும் செய்யாதீர்கள். கடைசி பேக்கப்புக்குப் பிறகு வந்த ஆர்டர்கள் அதோடு போய்விடலாம். ஆப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதே திரையில் உங்கள் எண்ணைக் கொடுத்து எஸ்எம்எஸ் குறியீட்டைக் கேளுங்கள். அந்த ஆறு இலக்கம் உங்கள் சிம்முக்குத்தான் வரும். அதைப் போட்ட நொடியில் திருடன் வெளியே போய்விடுவான்.

சிக்கல் அதற்கு அடுத்த திரையில். நீங்கள் பின் நம்பரே வைத்திருக்காதபோது அது பின் நம்பர் கேட்டால், உள்ளே நுழைந்த கையோடு திருடன் தானே ஒன்றைப் போட்டுவிட்டான் என்று பொருள். இனி 7 நாள் காத்திருந்தால்தான் அது இல்லாமல் உள்ளே போக முடியும். எஸ்எம்எஸ் குறியீட்டை நீங்கள் போட்டுவிட்டதால் அந்த 7 நாளும் அவனும் வெளியேதான் இருப்பான். ஆனால் கடையும் ஒரு வாரம் ஊமை. தீபாவளிக்கு முந்தின வாரமாக இருந்தால் என்ன ஆகும் என்று வியாபாரிக்குச் சொல்லத் தேவையில்லை. வாடிக்கையாளர்களுக்குச் சாதாரண எஸ்எம்எஸ், போன் வழியாக "அந்த எண்ணிலிருந்து பணம் கேட்டிருந்தால் அனுப்பாதீர்கள்" என்று சொல்வதுதான் அந்த வாரத்து வேலை.

சில சமயம் குறியீடே வராது. திருடன் திரும்பத் திரும்பக் கேட்டு வாய்ப்புகளைத் தீர்த்திருப்பான், திரையில் மணிக்கணக்கில் காத்திருக்கச் சொல்லும் கடிகாரம் ஓடும். அது முடியும் வரை கை வைக்காமல் இருங்கள், பதற்றத்தில் தட்டத் தட்ட நேரம் நீளத்தான் செய்யும். அழைப்பு வழியாகக் குறியீடு கேட்பதற்கு முன் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ##002# அடித்தால் எல்லாத் திருப்பல்களும் ரத்தாகும். மூன்றாவது காரணம் நம் ஊர்க் கடைகளுக்கே உரியது. வாட்ஸ்அப்புக்கென்று வாங்கிய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் மேஜை டிராயரில் போட்டு வைத்திருப்பார்கள். ஆப் வைஃபையில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அந்த சிம்முக்கு எஸ்எம்எஸ் வராது. விட்டுவிட்டால் எண்ணே ரத்தாகி வேறொருவருக்குப் போய்விடும். கணக்கின் சாவி அந்த சிம்தான், அதற்குக் குறைந்தபட்ச ரீசார்ஜாவது போட்டே ஆகவேண்டும்.

இனி பூட்டின் அருமை. பின் நம்பர் முன்பே உங்களுடையதாக இருந்தால், மேலே சொன்ன அதே 7 நாள் விதி திருடன் தலையில் விழுகிறது. பையன் குறியீட்டைச் சொல்லியிருந்தாலும் திருடன் அடுத்த திரையில் மாட்டிக்கொள்வான். நீங்கள் வெளியேற்றப்படுவீர்கள், உண்மைதான். எஸ்எம்எஸ் குறியீட்டையும் உங்கள் பின் நம்பரையும் போட்டால் திரும்ப வந்துவிடலாம், வாடிக்கையாளர் ஒருவருக்கும் தெரியவே தெரியாது. Settings > Account > Two-step verification போய் ஆறு இலக்கத்தைப் போட இரண்டு நிமிடம் ஆகாது. அடுத்து ஒரு மின்னஞ்சல் கேட்கும். அங்கேதான் பலர் Skip தட்டுகிறார்கள். தட்டாதீர்கள். பின் நம்பர் மறந்து, மின்னஞ்சலும் இல்லையென்றால், சொந்தக் கடைக்குள் நுழைய நீங்களே 7 நாள் நிற்கவேண்டும். கடை போனில் எல்லோருக்கும் திறந்து கிடக்கும் ஜிமெயிலைக் கொடுப்பதிலும் பயனில்லை, பின் நம்பரை மாற்றும் இணைப்பு அதற்குத்தான் வரும். முதலாளியின் தனி முகவரியைக் கொடுங்கள், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

அருமை சொன்னாயிற்று, எரிச்சலையும் சொல்கிறேன். நமக்கு மறந்துவிடக் கூடாது என்று வாட்ஸ்அப் அவ்வப்போது பின் நம்பரைக் கேட்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் அது கேட்கும் நேரத்தில் முதலாளி சாப்பாட்டுக்குப் போயிருப்பார், எதிரே நான்கு பேர் பில்லுக்கு நிற்பார்கள். இந்தக் கேள்வியை மட்டும் நிறுத்த வழி கிடையாது, பூட்டையே எடுத்தால்தான் நிற்கும். விளைவு என்ன? இரண்டாவது தடவை கேட்டதும் அந்த ஆறு இலக்கம் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் தினசரி காலண்டர் அட்டையில் பால்பாயிண்ட் பேனாவில் ஏறிவிடுகிறது. ஒருவர் கையில் ஒரு போன் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு இது, ஐந்து பேர் கை மாறும் கடை போனுக்குப் பொருந்தவில்லை.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். கோபம் வருவது Linked devices என்கிற கொல்லைப்புற விஷயத்தில். கணினியிலோ இன்னொரு போனிலோ கணக்கை இணைக்கும்போது இந்தப் பின் நம்பரை அது கேட்பதே இல்லை. மோசடிக்காரர்கள் இப்போது இந்தப் பக்கம்தான் வருகிறார்கள். "உங்க கடை போட்டோ இதுல இருக்கு பாருங்க" என்று ஒரு இணைப்பு வரும், திறந்தால் போன் எண் கேட்கும், பிறகு எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றைக் காட்டி வாட்ஸ்அப்பில் போடச் சொல்லும். போட்டால் அவன் கணினி உங்கள் கணக்கோடு இணைந்துவிடும். இதில் கடை போன் வெளியேறாது, சத்தமே இருக்காது. நீங்கள் திறக்காத மெசேஜ் படித்ததாக இருப்பதும், நீங்கள் அனுப்பாத வங்கி விவரம் அரட்டையில் கிடப்பதும்தான் அடையாளம். Linked devices பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் தட்டி Log out கொடுங்கள். பில்லிங் கணினியும் அதே மாதிரி குரோம் என்றே காட்டும், எது நம்முடையது என்று குழப்பமாக இருந்தால் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நம்முடையதை மட்டும் புதிதாக இணைப்பது மேல்.

உங்கள் லோகோவையும் கடைப் பெயரையும் போட்டு வேறு எண்ணில் ஒருவன் கணக்குத் தொடங்கினால், உங்கள் பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவனைப் பிளாக் செய்யும் முன், நாட்டுக் குறியீட்டோடு முழு எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு Report கொடுங்கள். அவனிடமிருந்து மெசேஜ் வந்த வாடிக்கையாளர்களையும் ரிப்போர்ட் செய்யச் சொல்லுங்கள், கடைசி ஐந்து மெசேஜ்கள் வாட்ஸ்அப்புக்குப் போகும் என்பதால் பணம் கேட்ட வரிகளே சாட்சியாகிவிடும். யாராவது பணம் அனுப்பிவிட்டிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930, பிறகு cybercrime.gov.in.

ஐந்துக்கு எத்தனை என்றால் இரண்டுதான் கொடுப்பேன். கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டுவிட்டு முன்வாசலில் நின்று அடிக்கடி அடையாளம் கேட்கும் காவலுக்கு அதற்கு மேல் எப்படிக் கொடுப்பது? நண்பருக்குச் சொன்ன பதில் வேறு: இன்றைக்குக் கடை சாத்துவதற்குள் போட்டுவிடுங்கள், முன்பே போட்டிருந்தால் அந்தக் காலண்டர் அட்டையைக் கிழித்துவிட்டு பின் நம்பரையும் மாற்றுங்கள்.