எடை மூன்று வாரமாக அசையவில்லை: கலோரிச் செயலியும் சமையலறைத் தராசும்

வெள்ளவத்தையில் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே கலோரி எண்ணும் செயலி ஒன்றை ஒரு வருடத்துக்கும் மேலாகப் பயன்படுத்துகிறேன். நன்றாக இறங்கிக்கொண்டிருந்த எடை, 71 கிலோவில் மூன்று வாரம் நின்றுவிட்டது. சோற்றைக் குறை என்றுதான் வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். நான் அதைக் கடைசிக்கு வைத்தேன்.

முதலில், நின்றது கொழுப்பா, அல்லது உடம்பில் தேங்கிய நீர் கொழுப்பு குறைவதை மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பலருக்கு ஒரு கிலோ வரை நீர் ஏறும். உப்பு கூடிய கடைச் சாப்பாடும் புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சியும் அப்படித்தான். அதனால் தினமும் காலையில் வெறும் வயிற்றோடு நிறுத்து, வாரச் சராசரியை எடுத்து, போன மாதம் சுழற்சியின் இதே வாரத்தோடு ஒப்பிட்டேன். பெரிய வித்தியாசமில்லை, இடுப்பளவும் அப்படியே. சரி, உண்மையாகவே நின்றுவிட்டது.

அடுத்தது சட்டி. இரவில் இடியப்பம், சொதி, சம்பல். இடியப்பத்தை எண்ணிப் பதிவது சுலபம். சொதிக்குச் செயலியில் சரியான பதிவே இல்லை. கிட்டத்தில் கிடைப்பது காய்கறி சூப், 100 கிராமுக்கு 40 கலோரி. தேங்காய்ப்பாலை அது கணக்கில் எடுப்பதில்லை. ஒரு நாள் வெறும் சட்டியை முதலில் நிறுத்துவிட்டு, போடுவதையெல்லாம் தராசில் வைத்தேன். திருவிய தேங்காய் 120 கிராம், அது ஏறத்தாழ 420 கலோரி. கிழங்கு, வெங்காயம், தக்காளி சேர்ந்து இன்னொரு 100. இறக்கும்போது சொதி 800 கிராம் இருந்தது. அப்போது 100 கிராமுக்கு 65. என் பங்கு 250 கிராம்; சூப் கணக்கில் 100, இந்தக் கணக்கில் 160. பிழிந்த சக்கையில் கொஞ்சக் கொழுப்பு நின்றுவிடுவதால் இது சற்றுக் கூடிய கணக்குத்தான். கூடினால் பரவாயில்லை, குறைந்தால்தான் சிக்கல்.

சம்பல் இன்னும் மோசம். “ஒரு கரண்டி” என்று பதிந்தது தராசில் 60 கிராம், கிட்டத்தட்ட முழுக்கத் தேங்காய். 180 கலோரிக்குக் குறையாது. செயலி அதற்கு 50 போட்டிருந்தது. இரண்டும் சேர்த்து நாளுக்கு 190. ஒரு கிலோ கொழுப்புக்கு 7700 கலோரி என்று வைத்தால், வாரத்துக்கு 170 கிராம் போல் கைவிட்டுப் போகிறது. சொதியைச் சொந்த ரெசிப்பியாகச் சேமித்தேன். சம்பலை 25 கிராமாக்கினேன், அதிலே அம்மாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

இதில் பாதிதான் தீர்ந்தது. எடை குறைந்த உடம்புக்குத் தேவையும் குறைவு என்பதால், தொடக்கத்தில் செயலி போட்டுத் தந்த இலக்கு பழசாகிவிட்டது. இப்போதைய எடையைக் கொடுத்து மறுபடி கணக்கிட்டதில் நாளுக்கு 120 கலோரி குறைந்தது. அதைச் சோற்றில் எடுக்காமல், பின்னேரம் காலிமுகத்திடலில் அரை மணித்தியாலம் நடந்து ஈடு செய்கிறேன். அப்புறம் சராசரி மெல்ல இறங்கத் தொடங்கியது.

இவ்வளவும் சரிபார்த்த பிறகும் எடை அசையாமல், களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கலும் சேர்ந்தால், சாப்பாட்டை இன்னும் வெட்டாமல் வைத்தியரிடம் தைரொய்ட் பரிசோதனை கேளுங்கள்.