தொற்றுத் தடுப்புக் குழுக் கூட்டம்: நினைவூட்டல் மின்னஞ்சல் எல்லோருக்கும் ஒன்றா, ஆளுக்கொன்றா, காலண்டர் அழைப்பே போதுமா?

மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புக் குழுவில் நுண்ணுயிரியல் மருத்துவர், ஐ.சி.யு. மருத்துவர், அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர், தொற்றுத் தடுப்புச் செவிலியர், மருந்தாளுநர், துப்புரவு மேற்பார்வையாளர், பராமரிப்புப் பொறியாளர் என்று ஏழெட்டுப் பேர் உட்காருவார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பதிவேடு உண்டு. ஒருவருடைய பதிவேட்டை இன்னொருவர் அன்றாடம் பார்ப்பதில்லை. அதனால் இந்தக் கூட்டத்துக்கான நினைவூட்டல் மின்னஞ்சல் நாளையும் நேரத்தையும் சொன்னால் மட்டும் போதாது. எதைப் பற்றி முடிவெடுக்கப் போகிறோம், அதற்கு முன் எதைப் படிக்க வேண்டும், யார் எதைத் தயாரித்துக்கொண்டு வர வேண்டும் என்ற மூன்றையும் அது தாங்கி வர வேண்டும்.

அதை அனுப்ப மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. முதலாவது, எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பி, ஒவ்வொருவரின் தயாரிப்பையும் அதிலேயே பெயர் சொல்லி எழுதுவது. இரண்டாவது, ஆளுக்கொரு தனி மின்னஞ்சலில் அவரவர் வேலையை மட்டும் எழுதுவது. மூன்றாவது, முன்பே அனுப்பிய காலண்டர் அழைப்பின் விளக்கப் பகுதியில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, நினைவூட்டும் பொறுப்பைக் காலண்டரிடமே விட்டுவிடுவது.

மூன்றாவதை முதலில் பார்த்துவிடலாம். நேரமோ இடமோ மாறும்போது காலண்டரை விஞ்சிய வழி இல்லை. ஒரே இடத்தில் திருத்தினால் எல்லோருடைய கைபேசியிலும் மாறிவிடும். ஆனால் தயாரிப்புக்கு அது உதவுவதில்லை. பெரும்பாலோர் அழைப்பின் உள்ளே இருப்பதைத் திறந்து பார்ப்பது நினைவூட்டல் ஒலித்த பிறகுதான். அவுட்லுக் தானாக வைத்திருக்கும் நினைவூட்டல் நேரம் கூட்டத்துக்குப் 15 நிமிடம் முன்பு. அந்த நேரத்தில் யாராலும் ஒரு மாதப் பதிவேட்டைப் புரட்ட முடியாது. அவுட்லுக்கில் வேறொரு சிக்கலும் உண்டு. அழைக்கப்பட்டவர் விளக்கப் பகுதியில் ஏதாவது எழுதினால் அது அவருடைய பிரதியில் மட்டும் நிற்குமே தவிர, மற்றவர்களுக்குப் போகாது. வார்டில் பணிபுரியும் செவிலியர்களும் துப்புரவு மேற்பார்வையாளரும் அலுவலகக் காலண்டரைத் திறப்பதே அரிது. ஆகவே நேரம், இடம், காணொலி இணைப்பு ஆகியவற்றை மட்டும் காலண்டரில் வைத்திருப்பது நல்லது.

உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையில்தான். தனி மின்னஞ்சலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணம் வலுவானது: தன் பெயருக்கு வந்த கடிதத்தை யாரும் படிக்காமல் விடுவதில்லை, அதில் தன் வேலை மட்டும் இருப்பதால் தேட வேண்டியதும் இல்லை. இந்தக் காரணம் எங்கே உடைகிறது என்பதைக் காட்ட, ஐ.சி.யு.வில் பெரிய ரத்தக் குழாய்க்குள் செருகி வைக்கும் குழாயான சென்ட்ரல் லைன் வழியாக ஏற்படும் ரத்தத் தொற்று கூட்டப் பொருளாக இருக்கும் ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. கணக்கிடும் முறை பரவலாகப் பின்பற்றப்படுவது.

லைன் தொற்று விகிதத்தைக் கணக்கிட, லைன் தொற்றுகளின் எண்ணிக்கையை லைன் நாட்களால் வகுத்து 1000 ஆல் பெருக்குவார்கள். லைன் நாள் என்பது தினமும் ஒரே நேரத்தில் லைன் போட்டிருக்கும் நோயாளிகளை எண்ணிக் கூட்டியது. ஒருவருக்கு இரண்டு லைன் இருந்தாலும் அந்த நாள் ஒன்றாகவே கணக்கில் வரும். நம் மாதத்தில் லைன் நாட்கள் 310 என்று கொள்வோம். நுண்ணுயிரியல் மருத்துவருக்குச் சென்ற தனி மின்னஞ்சல், ரத்த மாதிரியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ஐ.சி.யு. ரத்தக் கல்ச்சர் சோதனைகளின் பட்டியலைக் கொண்டு வரச் சொல்கிறது. தொற்றுத் தடுப்புச் செவிலியருக்குச் சென்றது, லைன் தொற்று விகிதத்தைக் கொண்டு வரச் சொல்கிறது. இருவரும் கேட்டதைச் சரியாகவே செய்கிறார்கள். மருத்துவரின் பட்டியலில் லைன் போட்ட நோயாளிகளின் பாசிட்டிவ் கல்ச்சர் 5. செவிலியரின் கணக்கில் தொற்று 2.

இரண்டும் பிழையல்ல. ஐந்தில் ஒன்றில், தோலில் இயல்பாக வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் வகை ஒரே ஒரு முறை எடுத்த ரத்தத்தில் மட்டும் வளர்ந்தது. அத்தகைய கிருமியைத் தொற்றாகக் கொள்ள, தனித்தனியாக எடுத்த குறைந்தது இரண்டு ரத்த மாதிரிகளில் அது வளர்ந்திருக்க வேண்டும். இன்னொன்றில் ரத்தத்தில் வளர்ந்த கிருமியே அந்நோயாளியின் சிறுநீரிலும் இருந்தது, நோயும் அங்கிருந்தே தொடங்கியது. மூன்றாமவருக்கு லைன் போட்டே ஒரு நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு நாட்களைக் கடந்திருந்தால்தான் அது லைன் தொற்றுக் கணக்கில் சேரும். மீதி இரண்டே லைன் தொற்று. ஐந்தை வைத்து வகுத்தால் விகிதம் 16.1, இரண்டை வைத்து வகுத்தால் 6.5. இந்த வேறுபாடு கூட்ட அறையில்தான் முதன்முதலாகத் தெரிய வந்தால், லைன் பராமரிப்பை எப்படித் திருத்துவது என்று பேச வேண்டிய நேரம் முழுவதும் எந்த எண் சரி என்ற விவாதத்தில் போய்விடும், முடிவு அடுத்த மாதத்துக்குத் தள்ளப்படும். அதற்கிடையில் ஐ.சி.யு.வில் லைன்கள் பழைய முறையிலேயே போடப்பட்டுக்கொண்டிருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஒருவரின் தயாரிப்பு இன்னொருவரின் தயாரிப்புக்கு மூலப்பொருள் என்ற உறவைத் தனி மின்னஞ்சல் மறைத்துவிடுகிறது. பொது மின்னஞ்சலில் அந்த உறவை எல்லோரும் பார்க்கும்படி எழுத முடியும். மேற்சொன்ன கூட்டத்துக்கு நான் இப்படி எழுதுவேன்:

> பொருள்: தொற்றுத் தடுப்புக் குழு, வியாழன் மாலை 3.00, கருத்தரங்கக் கூடம் (கல்ச்சர் பட்டியல் செவ்வாய் நண்பகலுக்குள் தேவை)
>
> முடிவெடுக்க வேண்டியவை: 1. லைன் தொற்று: குளோர்ஹெக்சிடின் டிரெஸ்ஸிங்குக்கு மாறுவதா, லைன் போடும் செக்லிஸ்ட்டை முதலில் சீர்செய்வதா (25 நிமிடம்). 2. சிறுநீர்த் தொற்றுக்கு முதலில் தர வேண்டிய ஆன்டிபயாட்டிக் (20 நிமிடம்). 3. சென்ற கூட்டத்தின் நிலுவைகள் (10 நிமிடம்).
>
> முன்வாசிப்பு: ஆன்டிபயோகிராம், 4, 5 ஆம் பக்கங்கள் மட்டும். படிக்கும்போது மனத்தில் வைக்க வேண்டிய கேள்வி: சிறுநீர் ஈ.கோலைக்கு இப்போதைய முதல் மருந்தைத் தொடரலாமா?
>
> நுண்ணுயிரியல் மருத்துவர்: சென்ற மாத ஐ.சி.யு. பாசிட்டிவ் ரத்தக் கல்ச்சர் பட்டியல், எத்தனை மாதிரிகளில் வளர்ந்தது என்ற குறிப்புடன். செவ்வாய் நண்பகல் 12 மணிக்குள் தொற்றுத் தடுப்புச் செவிலியருக்கு மட்டும்.
>
> தொற்றுத் தடுப்புச் செவிலியர்: பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் லைன் தொற்றா இல்லையா என்று காரணத்துடன் ஒரு வரி, மாதத்தின் லைன் நாட்கள். புதன் மாலை 4 மணிக்குள் ஐ.சி.யு. மருத்துவருக்கு.
>
> ஐ.சி.யு. மருத்துவர்: உறுதியான தொற்றுகளில் லைன் கழுத்தில் போடப்பட்டதா தொடையிலா, எத்தனை நாள் இருந்தது, செக்லிஸ்ட் நிரப்பப்பட்டதா.
>
> மருந்தாளுநர்: குளோர்ஹெக்சிடின் டிரெஸ்ஸிங்கின் விலை, மாதத் தேவை.
>
> அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர்: தனித் தயாரிப்பு இல்லை, முன்வாசிப்பு போதும்.
>
> துப்புரவு மேற்பார்வையாளர், பராமரிப்புப் பொறியாளர்: தயாரிப்பு எதுவும் இல்லை, மூன்றாம் பொருளுக்காக 3.45க்கு வந்தால் போதும்.

இதில் கூட்டப் பொருள் ஒவ்வொன்றையும் தலைப்பாக விடாமல் தீர்க்க வேண்டிய கேள்வியாக எழுதியிருப்பதைக் கவனிக்கலாம். ‘லைன் தொற்று’ என்று மட்டும் எழுதினால் மருந்தாளுநருக்கு விலையோடு வரத் தோன்றாது. முன்வாசிப்பும் அப்படியே. எந்தக் கிருமிக்கு எந்த ஆன்டிபயாட்டிக் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று காட்டும் ஆன்டிபயோகிராம் முழுவதையும் இணைத்துப் படிக்கச் சொன்னால் பரபரப்பான ஒரு மருத்துவர் அதைத் திறக்காமலே வருவார். பக்கத்தையும் கேள்வியையும் குறிப்பிட்டால் பத்து நிமிடத்தில் படித்துவிடுவார். ஒரு கிருமிக்கு 30க்குக் குறைவான நோயாளிகளின் மாதிரிகள் மட்டும் இருந்தால், அந்த வரியில் உள்ள சதவீதத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்ற குறிப்பையும் முன்வாசிப்பின் கீழே சேர்ப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒன்பது மாதிரிகளில் வந்த 100 சதவீதத்தைப் பார்த்து யாராவது மருந்தை மாற்றச் சொல்லக்கூடும். தயாரிப்பு இல்லாதவர்களிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும் தேவை. பெயர் விடுபட்டால், தன்னை மறந்துவிட்டார்களா அல்லது தனக்கு வேலை இல்லையா என்று அவர் குழம்புவார்.

எப்போது அனுப்புவது என்ற கேள்விக்கும் பொது மின்னஞ்சலே விடை தருகிறது. கூட்டம் வியாழன், அதற்கு முன் புதனன்று ஒரு தயாரிப்பு, அதற்கும் முன் செவ்வாயன்று இன்னொன்று. இந்தச் சங்கிலியைப் பின்னோக்கி எண்ணினால், திங்கள் காலையைத் தாண்டி அனுப்பும் மின்னஞ்சல் பயனற்றது என்பது உடனே புலப்படும். முந்தைய நாள் மாலையில் அனுப்பும் நினைவூட்டல் நேரத்தை நினைவூட்டலாமே தவிர, தயாரிப்பை உண்டாக்க முடியாது. தனித்தனியாக எழுதும் ஒருங்கிணைப்பாளர் இந்தச் சங்கிலியைத் தன் மனத்திலேயே வைத்திருக்க வேண்டியிருப்பதால், அது நழுவிப்போவதும் எளிது.

பொது மின்னஞ்சலுக்கும் எல்லை உண்டு. நோயாளிகளின் பெயர் உள்ள பட்டியலை அதில் இணைக்கவே கூடாது. துப்புரவு ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் உட்பட எல்லோருக்கும் அது போய்ச் சேரும். பட்டியலை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று மேலே எழுதியதன் காரணம் அதுதான். எழுதாவிட்டால் யாராவது ‘ரிப்ளை ஆல்’ அழுத்தி எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்கள். குறிப்பிட்ட ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரின் நோயாளிகளிடம் புண் தொற்று கூடியிருந்தால், அதைப் பற்றிய கேள்வியைத் தனி மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். பலர் முன்னிலையில் எழுத்தில் சுட்டப்பட்ட ஒருவர் விளக்கம் தேடுவதைவிடத் தற்காப்பைத் தேடுவதே இயல்பு. தனி மின்னஞ்சலுக்கு அசைக்க முடியாத இடம் இது ஒன்றே என்பது என் கருத்து.

வடிவத்தில் ஒரு சிறு எச்சரிக்கை: தயாரிப்புகளை அட்டவணையாகப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். நான்கு பத்தி அட்டவணை கணினித் திரையில் அழகாக நிற்கும். கைபேசியில் கடைசிப் பத்தியான கெடு நேரம் திரைக்கு வெளியே போய்விடும். பெயரைத் தடித்த எழுத்தில் வைத்து, அதன் கீழே வேலையையும் கெடுவையும் வாக்கியமாக எழுதுவதே பாதுகாப்பானது.

மின்னஞ்சல் வேலை செய்ததா என்பது செவ்வாய் நண்பகலிலேயே தெரிந்துவிடும். ‘நான் என்ன கொண்டு வர வேண்டும்?’ என்று யாராவது தொலைபேசியில் கேட்டால், எழுதியதில் தெளிவில்லை என்று பொருள். கல்ச்சர் பட்டியல் வரவில்லையென்றால் மறுபடி மின்னஞ்சல் அனுப்பிக் காத்திராமல் ஆய்வகத்தை நேரே அழைக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த இருவரின் வேலையும் அதில் நிற்கிறது. எல்லாம் நேரப்படி நடந்தால், புதன் மாலை அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக ‘லைன் தொற்று 2, லைன் நாட்கள் 310, விகிதம் 6.5’ என்ற ஒரு வரியை எல்லோருக்கும் அனுப்பிவிடலாம். வியாழனன்று அந்த எண்ணைப் பற்றிய விவாதம் எழாது. புதன் மாலைக்குள் எண் கிடைக்காவிட்டால், முதல் பொருளை அடுத்த கூட்டத்துக்கு மாற்றி, கூட்டம் 3.00க்கு இரண்டாம் பொருளுடன் தொடங்கும் என்றும் நிலுவைகளுக்கு வருவோர் 3.20க்கு வர வேண்டும் என்றும் அன்றிரவே தெரிவித்துவிட வேண்டும்.