10.15-க்கு 'வரவில்லை' என்று அடித்துவிடுகிறார்கள்: ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இன்டர்வியூ போகிறவர்கள் கவனத்துக்கு

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். கணக்குப் பிரிவு வேலைக்காக ஏற்காட்டுப் பெண் ஒருவரைக் காலை 10 மணிக்கு வரச்சொல்லி மெயில் போட்டிருந்தார்கள். பதில் அனுப்ப முடியாத முகவரி. விசாரிக்க ஓர் ஆளின் பெயரோ செல் நம்பரோ அதில் இல்லை. அன்று மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. அவர் போய்ச் சேரும்போது மணி 10.50. "உங்க பேரை அடிச்சாச்சும்மா, மேடம் வேற மீட்டிங்ல இருக்காங்க" என்றார் வரவேற்பில் இருந்தவர்.

அப்புறம் மூன்று வாரம் பேச்சில்லை. திடீரென்று ஒரு போன்: "நாளைக்குக் காலைல வர முடியுமா?"

இந்தத் திடீர் அன்புக்குக் காரணம் உண்டு. தேர்வான ஆள் பழைய இடத்தில் நோட்டீஸ் காலத்தில் இருப்பார். 30 நாளோ 90 நாளோ. அதற்குள் அங்கேயே சம்பளம் கூட்டிக்கொடுத்தால் வரமாட்டார். அதனால்தான் மற்றவர்களிடம் 'இல்லை' என்று சொல்லாமல் கிடப்பில் போடுகிறார்கள். காத்திருப்போர் பட்டியல் வைப்பது தவறில்லை. "வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், அவர் சேராவிட்டால் 20-ஆம் தேதிக்குள் கூப்பிடுவோம், அதுவரை வேறு வேலை வந்தால் தயங்காமல் போங்கள்" என்று சொல்லாமல் வைப்பதுதான் ஏமாற்று. சொன்ன தேதியில் முடிவு தயாராகாவிட்டாலும், அன்றைக்கே "இன்னும் ஒரு வாரம் ஆகும்" என்று இரண்டு வரி அனுப்பலாம்.

வராதவர் விஷயத்திலும் முறை ஒன்று இருக்கிறது. பத்து நிமிடம் தாண்டியதும் ஒரு போன் அடிக்க வேண்டும். எடுக்காவிட்டால், மலைப்பாதையில் சிக்னல் இருக்காது என்று வைத்துக்கொண்டு, எஸ்எம்எஸ் ஒன்று: "இன்று வர இயலவில்லை போலிருக்கிறது. நாளை மாலை 5 மணிக்குள் சொன்னால் வேறு நேரம் தருகிறோம்." பதில் வந்தால் ஒரு தடவை நேரம் மாற்றித் தரலாம், இரண்டாவது தடவையும் தகவலே இல்லாமல் வராவிட்டால் நிறுத்திக்கொள்வதில் தப்பில்லை. பதிவேட்டில் 'வரவில்லை' என்பதோடு காரணத்தையும் எழுத வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை விண்ணப்பிக்கும்போது அந்த ஒற்றை வார்த்தையே ஆளைக் கழித்துவிடும். கேள்வி கேட்க வேண்டிய மேனேஜர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் அதை எங்கே எழுதுகிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள், பதில் இருக்காது.

வேலை தேடுவோருக்கு: அழைப்பு வந்த அன்றே, விசாரிக்க ஒரு செல் நம்பரையும் முடிவு எந்தத் தேதியில் தெரியும் என்பதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். தாமதம் என்று தெரிந்தால், சிக்னல் கிடைத்த இடத்திலேயே நேரம் குறித்து ஒரு மெசேஜ் போடுங்கள். பிறகு காட்ட அதுதான் சாட்சி. சொன்ன தேதி கடந்து இரண்டு வேலை நாள் ஆனதும் ஒரு தடவை விசாரியுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், கையில் இருக்கும் இன்னொரு வேலையை இவர்களுக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.